கடன்பட்டோர் மீதியும் நம்பகமான பிரதிநிதித்துவமும்

“சுன்னாகத்து வன்பொருள் கடைக் கணக்கில் கடன்பட்டோர் 500,000 ரூபா. விற்பனைப் பட்டியல்கள் எல்லாம் சரி. நம்பகமான பிரதிநிதித்துவம் இல்லையென்று சேர் ஏன் வெட்டினார்?”

நம்பகமான பிரதிநிதித்துவம் என்றால் தகவல் முழுமையாகவும் நடுநிலையாகவும் பிழையின்றியும் உண்மை நிலையைக் காட்டுவது. வராமல் போகலாமென மதிப்பிடும் தொகையான ஐயக்கடன் ஏற்பாட்டைக் கழிக்காததால் அந்தத் தொகை முழுமையற்றதாகிறது. விற்பனைப் பட்டியல், விற்பனை நடந்ததற்குத்தான் சான்று, பணம் வருமென்பதற்கு அல்ல. பெரும்பாலும் இங்கேதான் குழம்பியிருப்பீர்கள்.

கடன்பட்டோரை, கடன் எவ்வளவு காலமாக நிலுவையில் உள்ளது என்பதன்படி பிரித்துப் பாருங்கள். ஓராண்டாக எதுவும் செலுத்தாத ஒப்பந்தகாரரின் 80,000 ரூபா வராதென மதிப்பிட்டால், தேறிய மீதி 420,000 ரூபா. கடன் கேட்டுச் செல்லும் வங்கிக்குப் பொருத்தமான தொகையும் அதுவே. மதிப்பீடு என்பதாலேயே அது பிழையாகிவிடாது. மதிப்பிட்ட முறையைக் குறிப்பில் விளங்கும்படி எழுதினால் போதும்.

ஆனால் முன்னெச்சரிக்கை என்று சொல்லி 200,000 ரூபா ஏற்பாடு செய்தால் நடுநிலைமை கெடும். முறையை ஆண்டுதோறும் மாற்றினால், சென்ற ஆண்டுடன் ஒப்பிடவும் இயலாது.