கசக்கும் சுரைக்காய், கசக்கும் வெள்ளரிக்காய்: கேள்வி பதில்

கேள்வி: சமைக்க நறுக்கிய சுரைக்காயை வாயில் போட்டுப் பார்த்தேன், நல்ல கசப்பு. நன்றாக வேகவைத்தால் கசப்பு போய்விடுமா, அம்மா? முழுக் காயையும் எறிய மனம் வரவில்லை.

பதில்: போகாது. எறிந்துவிடுங்கள். சுரை, வெள்ளரி, பூசணி ஆகியவை அடங்கிய குடும்பத்துச் செடிகள், தம்மைத் தின்ன வரும் பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்டுவதற்காகக் குக்கர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருள்களை உருவாக்குகின்றன. நாம் உண்ணும் வகைகளில் அந்தப் பொருள் காயில் சேராதபடி பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறோம். உங்கள் காய் கசக்கிறது என்றால் அந்தத் தேர்வு அதில் கலைந்துவிட்டது என்று பொருள். அடுப்பின் சூட்டுக்கு இந்தப் பொருள் சிதையாது. தண்ணீரிலும் மிகக் குறைவாகவே கரையும் என்பதால், வேகவைத்து நீரை வடித்தாலும் பெரும்பகுதி காயிலேயே நிற்கும். மசாலாவும் புளிப்பும் சேர்த்தால் கசப்பு நாக்குக்குத் தெரியாமல் போகலாமே தவிர, குடலுக்குத் தெரியாமல் போகாது.

2015-ல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினி என்னும் பூசணி வகைக் காயைச் சமைத்து ஒரு முதிய தம்பதியர் உண்டார்கள். உணவு கசந்ததால் மனைவி சிறிதளவோடு நிறுத்திக்கொண்டார். 79 வயதான கணவர் கசப்பைப் பொருட்படுத்தாமல் பெரும்பகுதியை உண்டார். இருவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மனைவி பிழைத்தார், கணவர் பிழைக்கவில்லை. அது சாறாகக் குடித்தது அன்று, அடுப்பில் வெந்த உணவு என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: பாகற்காய் இதைவிடக் கசக்கிறதே, அதை உண்டு யாருக்கு என்ன ஆயிற்று? கசப்பு உடலுக்கு நல்லது என்றுதானே பெரியவர்கள் சொல்கிறார்கள்?

பதில்: இரண்டின் கசப்பும் வேதியியல் முறையில் உறவுள்ளவைதான், ஆனால் ஒன்றல்ல. பாகற்காயில் உள்ளவை வேறு அமைப்புடைய சேர்மங்கள், வழக்கமாக உண்ணும் அளவில் சுரைக்காய்க் கசப்பைப் போலக் குடலைப் புண்ணாக்குவதில்லை. கசக்க வேண்டிய காய் கசப்பதும், கசக்கக் கூடாத காய் கசப்பதும் வேறு வேறு செய்திகள். இந்த ஒப்பீட்டை நான் அஞ்சுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2010-ல் தில்லியில் ஓர் அறிவியலாளர் சுரைக்காய்ச் சாற்றைப் பாகற்காய்ச் சாற்றோடு கலந்து குடித்தபின் உயிரிழந்தார். பாகற்காய் கலந்த குவளையில் கசப்பு எதிர்பார்த்த ஒன்றாகிவிடுகிறது. சுரைக்காய் விடுக்கும் ஒரே எச்சரிக்கை அங்கே ஊமையாகிவிடுகிறது. அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு கூறிய முதன்மையான அறிவுரைகள் இவையே: சாறு பிழியும் முன் சிறு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் காயை எறியுங்கள், சுரைக்காய்ச் சாற்றை வேறு எந்தச் சாற்றோடும் கலக்காதீர்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு மிக இனிப்பான ஒரு சுரைக்காயை முற்றவிட்டு விதை எடுத்தேன். இந்த ஆண்டு வளர்ந்த ஐந்து கொடிகளில் மூன்றின் காய்கள் கசக்கின்றன. பக்கத்தில் பாகற்கொடி படர்ந்திருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன், சரியா அம்மா?

பதில்: பாதி சரி. மகரந்தத்தைச் சந்தேகித்தது சரி. பாகற்கொடியைக் குற்றம் சாட்டியது தவறு. பாகலும் சுரையும் வெவ்வேறு பேரினங்கள், அவை கலந்து விதை பிடிக்காது. மேலும், எந்த மகரந்தம் வந்து சேர்ந்தாலும் இந்த ஆண்டுக் காயின் சதை தாய்க்கொடியின் சதைதான். கலப்பு விதைக்குள் ஒளிந்திருந்து அடுத்த ஆண்டுக் கொடியில்தான் வெளிப்படும். ஆகவே உங்கள் தவறு இந்த ஆண்டில் இல்லை, சென்ற ஆண்டின் பூவில் இருக்கிறது.

கலந்தது பேய்ச்சுரையாக இருக்கலாம்; அதுவும் சுரையும் ஒரே இனம், கசப்பு ஓங்கு பண்பு. ஆனால் பேய்ச்சுரை அருகில் இல்லாமலும் இது நேரும். சுரைக்காயின் கசப்பு இரண்டு பூட்டுகள் கொண்ட கதவு போன்றது. அது திறக்க இரண்டு சாவிகளும் வேண்டும். உங்கள் வகையிடம் முதல் சாவி இருந்து இரண்டாவது இல்லை, அதனால் அது கசக்கவில்லை. அடுத்த தோட்டத்தில் உள்ள வேறொரு வகையிடம் இரண்டாவது இருந்து முதலாவது இல்லை, அதுவும் கசக்கவில்லை. இரண்டும் கலந்த விதையில் இரண்டு சாவிகளும் சேர்ந்துவிடுகின்றன. சீனாவில் கசப்பில்லாத இரண்டு சுரை வகைகளைக் கலந்தபோது முதல் தலைமுறைக் காய்கள் கடுமையாகக் கசந்ததும், அந்தத் தலைமுறையின் விதைகளில் ஏறத்தாழ பதினாறுக்கு ஒன்பது கசப்பாக வந்ததும் 2017-ல் வெளியான ஆய்வொன்றில் பதிவாகியுள்ளன. ஒரே காயில் சொந்த மகரந்தமும் அயல் மகரந்தமும் கலந்து விழுவது இயல்பு என்பதால், உங்கள் ஐந்து கொடிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாததில் வியப்பில்லை.

கசந்த மூன்று கொடிகளையும் பிடுங்கிவிடுங்கள். தண்ணீரும் உரமும் அவற்றைத் திருத்தாது. கசக்காத இரண்டின் காய்களை உண்ணலாம், ஆனால் ஒவ்வொன்றையும் சுவைத்துப் பார்த்த பின்னரே. அவற்றிலிருந்து விதை எடுக்காதீர்கள், ஏனெனில் அருகில் கசப்புக் கொடிகள் பூத்திருந்தன. வருங்காலத்தில் விதைக்கென ஒரு காய் வேண்டுமானால், சுரைப்பூ மாலையில் விரியும் என்பதை மனத்தில் வைத்து, அன்று விரிய இருக்கும் பெண் மொட்டையும் அதே வகையின் ஆண் மொட்டையும் பிற்பகலிலேயே உறையிட்டு மூடுங்கள். இருட்டும் வேளையில் ஆண் பூவைக் கிள்ளி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் சூலகமுடியில் தடவி, மறுபடி உறையிட்டுக் காம்பில் அடையாள நூல் கட்டுங்கள். அந்திப்பூச்சிகளை நம்பி விதை எடுப்பவர்கள் பிறகு என்னிடம் வந்து பாகற்கொடியைக் குறை கூறுகிறார்கள்.

கேள்வி: உப்பு நீரில் ஊறவைத்தால் கசப்பு இறங்குமா?

பதில்: இறங்காது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வெள்ளரிக்காயின் காம்பு முனையை வெட்டி, அந்தத் துண்டாலேயே தேய்த்து நுரையை எடுத்தால் நஞ்சு வெளியேறிவிடும். காலம் காலமாகச் செய்கிறோம். இதைச் சொல்லாமல் எல்லாவற்றையும் எறியச் சொல்வது மிகை அல்லவா?

பதில்: தேய்த்தால் வருவது வெட்டுவாயில் கசியும் சாறு, காயின் உள்ளே உள்ள கசப்பு அந்தத் தேய்ப்பால் நடந்து வந்து முனையில் சேராது. வெட்டுவதில் மட்டும் ஓரளவு பயன் உண்டு, ஏனெனில் வெள்ளரியில் கசப்பு காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும்தான் மிகுதியாகத் தேங்கும். வெட்டியதால் கிடைத்த பலனைத் தேய்த்ததன் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

அவரே மீண்டும்: அப்படியானால் காம்புப் பக்கத்தை வெட்டிவிட்டு மீதியை உண்ணலாம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

பதில்: வெள்ளரிக்கு மட்டும், அதுவும் ஒரு நிபந்தனையோடு. கசப்பு காம்பின் அருகே லேசாக மட்டும் இருந்து, நடுப்பகுதியையும் நுனியையும் தனித்தனியே சுவைக்கும்போது சிறிதும் கசக்காவிட்டால், அந்தப் பகுதியை நான் உண்பேன். நடுவிலும் கசந்தால் முழுக்காயும் குப்பைக்கே. இந்தச் சலுகையைச் சுரைக்காய்க்கு நீட்டாதீர்கள். அங்கே எந்தப் பகுதி கசந்தாலும் மொத்தக் காயையும் கைவிட வேண்டும்.

இன்னொரு உறுப்பினர் (மருத்துவமனைச் செவிலியர்): இதில் நான் உடன்படவில்லை, அம்மா. வீட்டில் யாரும் மூன்று இடங்களில் சுவைத்துப் பார்ப்பதில்லை. வெள்ளரிக்கும் சுரைக்கும் ஒரே விதி இருந்தால்தான் மக்கள் நினைவில் வைப்பார்கள். கசந்தால் எறி, அவ்வளவுதான்.

பதில்: உங்கள் விதி பாதுகாப்பானது, என் விதி துல்லியமானது. படிப்பவர்களுக்கு ஐயம் இருந்தால் உங்கள் விதியைப் பின்பற்றட்டும். ஆனால் வெப்பமும் நீர்ப்பற்றாக்குறையும் சேரும் நாள்களில் நல்ல வெள்ளரிக்கொடியும் காம்பருகே சற்றுக் கசக்கும் காயைத் தரும் என்பதையும், ஒழுங்காக நீர் பாய்ச்சினால் அடுத்த காய்கள் தெளிந்துவிடக்கூடும் என்பதையும் தோட்டக்காரர்கள் அறிய வேண்டும். இல்லையென்றால் குற்றமற்ற கொடியைப் பிடுங்கிவிடுவார்கள்.

செவிலியர்: கொடிகளைப் பற்றி நீங்கள் கவலைப்படுங்கள், நோயாளிகளைப் பற்றி நான் கவலைப்படுகிறேன்.

கேள்வி: தேய்த்தாலே போதும் என்பதற்கு என் குடும்பமே சாட்சி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பதில்: உங்கள் குடும்பம் உண்டது கசக்காத வெள்ளரிக்காய். அதைத் தேய்க்காமல் உண்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. தேய்ப்பது பற்றி இனி நான் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி: சற்று முன் அரைக் குவளை சுரைக்காய்ச் சாறு குடித்தேன், கசந்தது, மருந்து என்று விழுங்கிவிட்டேன். இப்போது வயிறு புரட்டுகிறது. எலுமிச்சைச் சாறு குடித்தால் முறியுமா?

பதில்: இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள், என்ன குடித்தீர்கள், எவ்வளவு குடித்தீர்கள், எப்போது குடித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது, எலுமிச்சையும் முறிக்காது. தனியாக வண்டி ஓட்டிச் செல்லாதீர்கள்.

செவிலியர்: காத்திருந்து பார்க்காதீர்கள் என்று நானும் சொல்கிறேன். குடித்த சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு தொடங்கும். இரத்த வாந்தியும், இரத்த அழுத்தம் சரிந்து மயக்கமும் வரலாம். உள்நோக்கிக் கருவியால் பார்த்தால் இரைப்பையின் உட்சுவர் புண்ணாகி இரத்தம் கசிவதைக் காண்போம். நரம்பு வழியாக நீர் ஏற்றி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதும், அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுப்பதும்தான் சிகிச்சை. அதைத் தாமதமின்றித் தொடங்கினால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

கேள்வி: தினமும் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடித்தால் உடல் எடை எவ்வளவு குறையும்?

பதில்: அது என் துறை அன்று, உணவியல் மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் குடிப்பவர் தினமும் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் என் துறை.

கேள்வி: எப்படிச் சுவைத்துப் பார்ப்பது? சுவைப்பதே ஆபத்து ஆகாதா? வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: நல்ல கேள்வி, இதை முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டும். தோற்றம், எடை, நிறம், தோலின் பளபளப்பு எதுவும் உதவாது. காம்புப் பக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் நகக்கண் அளவு துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றையும் நாக்கின் மேல் வைத்து லேசாக மென்று, விழுங்காமல் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். நாக்கு இந்தக் கசப்பை மிக நுண்ணிய அளவிலேயே உணர்ந்துவிடும் என்பதால் அவ்வளவே போதும். சளி பிடித்து வாய் மரத்திருக்கும்போது வேறொருவரைச் சுவைக்கச் சொல்லுங்கள். சிறு குழந்தை ஒரு காயைக் கசக்கிறது என்று துப்பினால், அடம் பிடிக்கிறது என்று எண்ணாமல் நீங்களும் சுவைத்துப் பாருங்கள்.

கேள்வி: எண்ணெயில் நன்றாக வதக்கினால்?

பதில்: எண்ணெயில் வதக்கிய கசப்பு கிடைக்கும்.

கேள்வி: கசந்த காயை மாட்டுக்குப் போடலாமா, அம்மா?

பதில்: வேண்டாம், கால்நடைகளுக்கும் இது தீங்கானதே. உரக்குழியில் போடுங்கள், அங்கே மட்கும்போது சிதைந்துவிடும். முற்றிய விதைகள் இருந்தால் அவற்றை மட்டும் பிரித்து அழித்துவிடுங்கள், இல்லையேல் அடுத்த மழைக்குக் குழியின் ஓரத்தில் ஒரு சுரைக்கொடி தானாக முளைக்கும். அதைப் பார்த்து மகிழ்ந்து யாராவது காய் பறிப்பார்கள்.