நான் செய்யாத செலவு என் கடனட்டையில்: எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்?

கேள்வி: வெள்ளிக்கிழமை அதிகாலை என் கடனட்டையில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு வெளிநாட்டு இணையத்தளத்துக்கு முதலில் 1 டொலர், அப்புறம் 189 டொலர் போயிருக்கிறது. ஓடீபி எதுவும் வரவில்லை. எழும்பிக் குறுஞ்செய்தியைப் பார்த்ததும் வங்கியின் செயலியில் அட்டையை லொக் பண்ணிவிட்டு ஹொட்லைனுக்குச் சொன்னேன். மூன்று நாளுக்குள் சொன்னால் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்று யூடியூபில் பார்த்தேன். வங்கியோ 'விசாரிக்கிறோம்' என்கிறது. ஸ்டேட்மென்டில் இது வந்தால் கட்ட வேண்டுமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்கள் பார்த்த மூன்று நாள் கணக்கு இந்தியாவினுடையது. அங்கே ரிசர்வ் வங்கி 2017இல் போட்ட விதி அது. அதை நம்பி இங்கே யாரும் மூன்று நாள் காத்திருக்கக் கூடாது. இலங்கையில் உங்கள் பொறுப்பின் எல்லையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அட்டை எடுக்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான். வங்கிக்கு அறிவிக்கும் வரை நடந்தது அட்டைக்காரர் தலையில், அறிவித்த பிறகு நடந்தது வங்கியின் தலையில் என்பதே அவற்றில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. அதனால் நீங்கள் அழைத்த நேரம்தான் முதல் ஆதாரம். முறைப்பாட்டு இலக்கத்தையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

ஆனால் அழைப்பதற்கு முன் போன 190 டொலரும் உங்களுடையது என்று முடிவாகிவிடாது. ஓடீபி வராததுதான் இங்கே உங்களுக்குப் பெரிய பலம். ஓடீபி போன்ற உறுதிப்படுத்தல் இல்லாமல் இணையத்தில் பணம் எடுத்த வியாபாரியிடமிருந்து அதைத் திரும்பக் கேட்க விசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் உங்கள் வங்கிக்கு வழி இருக்கிறது. சார்ஜ்பேக் என்பது அதுதான். உறுதிப்படுத்தல் நடந்திருந்தால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். அப்போது வங்கி உங்கள் பக்கம் திரும்பும். எனவே 'இந்தக் கொடுக்கல் வாங்கல் 3-டி செக்கியூர் மூலம் உறுதிப்படுத்தப்பட்டதா?' என்று மின்னஞ்சலில் கேளுங்கள். 3-டி செக்கியூர் என்பது இணையத்தில் கட்டும்போது ஓடீபி போன்றதைக் கேட்டு உறுதிப்படுத்தும் முறை. 1 டொலரையும் விடாமல் எழுதுங்கள். திருடிய இலக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க இப்படிச் சிறு தொகை எடுப்பார்கள்.

மோசடி சார்ஜ்பேக்குக்கு வங்கிக்கு இருப்பது பொதுவாக 120 நாள். அது வங்கியின் கெடு, உங்களுடையது அல்ல. உங்களுடையது ஸ்டேட்மென்டின் பின்பக்கத்திலோ ஒப்பந்தத்திலோ இருக்கும்: ஸ்டேட்மென்ட் திகதியிலிருந்து இத்தனை நாளுக்குள் ஆட்சேபிக்காவிட்டால் கணக்கு சரியென்று கொள்ளப்படும் என்ற வரி. நாள் எண்ணிக்கை வங்கிக்கு வங்கி மாறும். ஹொட்லைனில் சொன்னதோடு இந்தக் கெடு காக்கப்பட்டுவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். வங்கியின் ஆட்சேபப் படிவத்தை நிரப்பி எழுத்தில் கொடுங்கள்.

அந்தப் படிவத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காரணம் கேட்கும் இடத்தில் 'பொருள் கிடைக்கவில்லை' என்பதில் சரி போட்டால், வாங்கியது நீங்கள்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். 'இதை நான் செய்யவில்லை, அனுமதிக்கவும் இல்லை' என்பதையே தெரிவு செய்யுங்கள். அட்டை உங்கள் கையிலேயே இருந்தது என்பதையும் எழுதுங்கள். செயலியில் லொக் பண்ணியது தற்காலிகமானதுதான், அந்த இலக்கத்தையே இரத்துச் செய்து புது அட்டை கேளுங்கள். கொடுக்கல் வாங்கல் இன்னும் 'பென்டிங்' என்று காட்டினால் அது கணக்கில் பதிவாகும் வரை சார்ஜ்பேக் போட முடியாது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் படிவத்தை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி கட்டுவது பற்றி. ஸ்டேட்மென்ட் 84,000 ரூபா, அதில் இந்த இரண்டும் 57,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மீதி 27,000 உங்கள் செலவு, அதை உரிய திகதிக்குள் முழுதாகக் கட்டுங்கள். 57,000ஐ விசாரணை முடியும் வரை வட்டியிலிருந்தும் குறைந்தபட்சக் கட்டணக் கணக்கிலிருந்தும் ஒதுக்கி வைக்கும்படி எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதில் இல்லாமல் வெறுமனே கட்டாமல் விடுவதுதான் ஆபத்து. முழுத் தொகையும் வராதபோது பெரும்பாலான அட்டைகளில் வட்டி ஓடத் தொடங்கும், குறைந்தபட்சத் தொகையே தவறினால் தாமதக் கட்டணத்தோடு உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் அறிக்கையிலும் பதிவாகலாம். ஆகவே வங்கி ஒதுக்க மறுத்தால், குறைந்தபட்சத் தொகையாவது எவ்வளவு என்று பார்த்து, 27,000 அதற்குப் போதுமா என்று உறுதிசெய்யுங்கள். கையில் வசதி இருந்து முழுவதையும் கட்டினாலும், 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

தற்காலிகமாக வரவு வைத்தார்கள் என்றால் அதைச் செலவழித்துவிடாதீர்கள். வியாபாரி பதில் கொடுத்து வென்றால் அதைத் திரும்ப எடுப்பார்கள்.

வங்கி கடைசியில் மறுத்தால், காரணத்தையும் வியாபாரி காட்டிய ஆதாரத்தையும் எழுத்தில் கேளுங்கள். அது திருப்தியாக இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசி முறைப்பாடு செய்யலாம். வங்கிக்கு முதலில் எழுதினீர்களா என்று அங்கே கேட்பார்கள், எனவே மின்னஞ்சல்களையும் படிவத்தின் பிரதியையும் சேர்த்து வையுங்கள்.