ஆறை விட ஒன்று பெரிதா?

ஐயா, வணக்கம். பாரிஸ் ஒலிம்பிக் முடிந்தபோது நாளிதழில் வந்த பதக்கப் பட்டியலை என் அக்காள் மகன் வெட்டி வைத்திருக்கிறான். ஆறு பதக்கம் வாங்கிய இந்தியா 71-வது இடம், ஒரே ஒரு பதக்கம் வாங்கிய பாகிஸ்தான் 62-வது இடம். ஆறை விட ஒன்று எப்படிப் பெரிதாகும் என்று கேட்டால், “மாமா, தங்கத்தைத்தான் முதலில் எண்ணுவார்கள்” என்கிறான். அமெரிக்கப் பத்திரிகைகள் மொத்தத்தைத்தான் எண்ணுகின்றன என்று நான் படித்திருக்கிறேன். நாச்சியார்கோயில் கடைத்தெருவில் ஒரு மசால் தோசை பந்தயம் கட்டியிருக்கிறோம். யார் சொல்வது சரி?
ஒரு வாசகர், கும்பகோணம் வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வீட்டுப் பத்தாயத்திலிருந்தே தொடங்குகிறேன். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பதின்மூன்றாவது மரக்காலை அளந்தவுடன் நம் தாத்தாக்கள் “ஒரு கலம் ஒரு மரக்கால்” என்று சொல்லிவிடுவார்கள். சின்ன அளவு நிறையச் சேர்ந்தால் பெரிய அளவாக மாறும்.

தங்கத்தை முதலில் எண்ணும் பட்டியலில் இந்த மாற்றமே கிடையாது. நூறு வெள்ளி சேர்ந்தாலும் ஒரு தங்கம் ஆகாது. அகராதியில் சொல்லை அடுக்குவது போலத்தான் அங்கே நாடுகளை அடுக்குகிறார்கள். முதல் எழுத்து தங்கம். அது சமமாக இருந்தால் மட்டுமே இரண்டாவது எழுத்தான வெள்ளியைப் பார்ப்பார்கள், அதுவும் சமமானால் வெண்கலத்தை. மூன்றும் சமமென்றால் இரு நாடுகளுக்கும் ஒரே இடம். பாரிஸில் ஒரே ஒரு தங்கத்தோடு நின்ற டொமினிக்கா என்ற குட்டித் தீவும் பாகிஸ்தானோடு சேர்ந்து 62-ல் இருந்தது இப்படித்தான்.

நம் கணக்கு தங்கம் பூஜ்யம், வெள்ளி ஒன்று, வெண்கலம் ஐந்து. தங்கமில்லாத நாடுகளின் வரிசை 64-ல் துருக்கியோடு தொடங்கியது. அங்கேயும் நாம் முன்னால் இல்லை. 70-வது இடத்தில் இருந்த லித்துவேனியாவுக்கு மொத்தமே நான்கு பதக்கம்தான். அதில் இரண்டு வெள்ளி என்பதால் ஆறு பதக்கக்காரரான நமக்கு மேலே ஏறி உட்கார்ந்தது. பாகிஸ்தானைப் பார்த்து வந்த கோபத்தில் இதைக் கவனித்தீர்களா தெரியவில்லை.

எனக்கு வலித்தது வேறு இடத்தில். டோக்கியோ ஒலிம்பிக்கில் நீரஜ் சோப்ரா ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். அந்த ஒரு தங்கம், இரண்டு வெள்ளி, நான்கு வெண்கலத்தோடு நாம் 48-வது இடம். பாரிஸில் அதே மனிதர் 89.45 மீட்டர் எறிந்தார், டோக்கியோவை விடக் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் அதிகம். ஆனால் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 எறிந்துவிட்டார், ஒலிம்பிக் சாதனை. நம்மவருக்கு வெள்ளி. நாட்டின் பதக்கம் ஏழிலிருந்து ஆறாகத்தான் குறைந்தது, இடமோ 48-லிருந்து 71-க்கு இறங்கியது. பட்டியலின் அடிப்பகுதியில் ஒன்றிரண்டு பதக்கத்தோடு நாடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே ஒரே ஒரு தங்கம் பத்து இருபது படி தூக்கிவிடும், இல்லாவிட்டால் அதே அளவு இறக்கிவிடும். இரண்டு ஒலிம்பிக்குகளின் இடத்தை ஒப்பிட்டு “இந்தியா சரிந்துவிட்டது” என்று தலைப்பு போட்டவர்கள் பெரும்பாலும் ஒரு ஈட்டியின் கதையைத்தான் எழுதினார்கள்.

அப்படியானால் மொத்தத்தை எண்ணுவது நியாயமா? அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சன்ன ரகத்தையும் பொது ரகத்தையும் ஒரே விலைக்குப் போடச் சொன்னால் கொள்முதல் நிலைய வாசலில் நீங்களே சண்டைக்கு நிற்பீர்கள். மொத்தக் கணக்கு அதைத்தான் செய்கிறது, தங்கமும் வெண்கலமும் அதற்கு ஒரே விலை. போதாததற்கு குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ போன்றவற்றில் ஒவ்வொரு எடைப்பிரிவுக்கும் இரண்டு வெண்கலம் தருகிறார்கள். இந்த விளையாட்டுகளில் பலமான நாட்டுக்கு மொத்தக் கணக்கு தனியாக ஒரு சலுகை.

ஆக, இரண்டு முறைகளுமே பதக்கங்களுக்கு ஒரு விலை வைக்கின்றன, வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒன்று தங்கத்துக்கு எல்லையற்ற விலை வைக்கிறது, மற்றது எல்லாவற்றுக்கும் ஒரே விலை. நடுவில் எத்தனையோ விலை உண்டு. நான் படித்த பள்ளியில் விளையாட்டு விழா நாளில் வேப்பமரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்து வைத்து, முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 என்று சாக்பீஸில் எழுதிக்கொண்டே வருவார்கள். அந்தக் கணக்கில் பாரிஸைப் போட்டால் பாகிஸ்தானுக்கு 5, நமக்கு 3-உம் 5-உம் சேர்த்து 8. நாம் மேலே. 10, 5, 1 என்று வைத்தால் இருவருக்கும் பத்துப் பத்து. ஒரு தங்கத்தின் விலை, ஒரு வெள்ளியும் ஐந்து வெண்கலமும் சேர்ந்த விலையைத் தாண்டினால்தான் உங்கள் அக்காள் மகன் பக்கம் தராசு சாயும்.

எந்தச் சண்டைக்கு அர்த்தம் உண்டு, எதற்கு இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மூன்று எண்களை எழுதுங்கள்: தங்கம் மட்டும்; தங்கமும் வெள்ளியும்; மூன்றும். ஒரு நாடு மூன்றிலும் பின்தங்காமல் இருந்தால், தங்கத்துக்கு வெள்ளியை விடக் குறைவாகவோ வெள்ளிக்கு வெண்கலத்தை விடக் குறைவாகவோ விலை வைக்காதவரை, அந்த நாட்டைக் கீழே தள்ள முடியாது. பாரிஸில் அமெரிக்காவுக்கு 40, 84, 126. சீனாவுக்கு 40, 67, 91. அங்கே தகராறுக்கு இடமே இல்லை. இந்தியாவுக்கு 0, 1, 6. பாகிஸ்தானுக்கு 1, 1, 1. எண்கள் குறுக்கே வெட்டுகின்றன. அதனால்தான் உங்கள் தோசை இன்னும் வேகவில்லை.

இப்படி வெட்டிய பெரிய வழக்கு 2008 பெய்ஜிங். போட்டிகள் முடிந்த நாளில் சீனாவுக்கு 51 தங்கம், 21 வெள்ளி, 28 வெண்கலம், மொத்தம் 100. அமெரிக்காவுக்கு 36, 38, 36, மொத்தம் 110. உலகத்தின் பெரும்பகுதி சீனாவை முதலிடத்தில் போட்டது, அமெரிக்கப் பத்திரிகைகள் பலவும் தங்கள் நாட்டைப் போட்டன. இரு தரப்புமே பொய் சொல்லவில்லை. தங்கத்துக்கு 3, வெள்ளிக்கு 2, வெண்கலத்துக்கு 1 என்று விலை வைத்துப் பார்த்தேன். சீனா 223, அமெரிக்கா 220. பல ஆண்டுகள் கழித்து, ஊக்கமருந்துச் சோதனைக்காகச் சேமித்து வைத்திருந்த மாதிரிகளை மறுபரிசோதனை செய்ததில் சீனப் பளுதூக்கும் வீராங்கனைகள் மூவரின் தங்கம் பறிபோனது. வேறு சில பதக்கங்களும் கைமாறின. இப்போதைய கணக்கில் சீனா 48, 22, 30. அமெரிக்கா 36, 39, 37. அதே 3, 2, 1 விலையில் சீனா 218, அமெரிக்கா 223. வெற்றி தோல்வி மாறிவிட்டது!

இதில் தீர்ப்பு சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்பீர்கள். போட்டிகள் வீரர்களுக்கும் அணிகளுக்கும் இடையில்தான், நாடுகளுக்கு இடையில் அல்ல என்று ஒலிம்பிக் சாசனம் சொல்கிறது. அப்படிச் சொல்லும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தளத்தில் நாடுவாரியாகப் பட்டியலும் இருக்கிறது, தங்கத்தை முதலில் வைத்து. எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பந்தயத்துக்கு வருகிறேன். நாளிதழ் எந்த விதிப்படி அடுக்கியது என்பதுதான் கேள்வி என்றால் உங்கள் அக்காள் மகன் ஜெயித்துவிட்டான், தோசை உங்கள் செலவு. எந்த நாடு நன்றாக விளையாடியது என்பது கேள்வி என்றால், தோசை வருவதற்கு முன் ஒரு தங்கத்துக்கு எத்தனை வெண்கலம் என்று இருவரும் ஒரு துண்டுத்தாளில் தனித்தனியே எழுதி மடித்து வையுங்கள்.

அன்புடன்.