முதல் வரியில் வினைச்சொல் எங்கே?

அன்பின் ஐயா,
ஹப்புத்தளையிலிருந்து தேயிலைத் தூள் பக்கெட் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். விலை, அளவு எல்லாம் எழுதியும் "விலை எவ்வளவு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். போன பதிவு இப்படி: "அனைவருக்கும் இனிய வணக்கம், ஊவாவின் புது சீசன் தூள் இந்த வாரம் முதல் எங்களிடம் கிடைக்கும்." எங்கே பிழை?
– ஒரு வாசகி

அன்பின் சகோதரிக்கு,

எழுதியதையே கொமென்டில் கேட்கிறார்கள் என்றால், அது `more` என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது என்று அர்த்தம். அதைத் தட்டாமலே தெரிவது பதிவின் முதல் வரிதான், அதன் தொடக்கத்தை உங்கள் பக்கத்தின் பெயரே பிடித்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில் "அனைவருக்கும் இனிய வணக்கம்" உட்கார்ந்துவிட்டது. தூள் வந்த செய்தி வெளியே நிற்கிறது.

வணக்கத்தை எடுத்துவிட்டாலும் பாதிதான் தீரும். தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் அதனோடுதான் வருகிறது. "போயா தினத்தில் பார்சல் அனுப்ப முடியாது" என்று எழுதினால், சிறிய திரையில் "போயா தினத்தில் பார்சல் அனுப்ப…" என்று நின்றுபோகலாம். படிப்பவர் அன்றைக்கும் அனுப்புவீர்கள் என்று நினைத்து ஓடர் போடுவார். ஆகவே மறுப்பை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்: "போயாவுக்கு பார்சல் இல்லை." இதே செய்திதான், மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் முடிந்துவிடுகிறது.

உங்கள் பதிவை நான் இப்படி மாற்றுவேன்:

"புது தூள் வந்தாச்சு, 400 கிராம் ரூ. ___"

பேச்சு வழக்கு என்று தயங்க வேண்டாம். "வந்துள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்பதைவிட "வந்தாச்சு" மிகச் சிறியது. "ஹப்புத்தளை" என்ற பெயர் பக்கெட்டின் படத்தில் தெளிவாகத் தெரிந்தால் முதல் வரியில் அது வேண்டாம். அடுத்த வரியில் ஊவா சீசன், தபால் செலவு, வட்ஸ்அப் இலக்கம். வணக்கம் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அதையும் அங்கே சொல்லுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். ஹேஷ்டேக் எல்லாம் கடைசியில்.

"125 எழுத்துக்குள் எழுதுங்கள்" என்ற ஆங்கில அறிவுரையை நம்பி எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். "கொழுந்து" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டுக் குறியீடு. அதோடு தமிழ் எழுத்துகள் அகலமானவை, திரையோ அகலத்தைப் பார்த்துத்தான் வெட்டுகிறது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் அம்மாவின் போனில் இன்னும் முன்னாடியே வெட்டும். பதிவைப் போட்டதும் அந்தப் போனில் திறந்து பாருங்கள். விலை தெரியவில்லையென்றால் பதிவை அழிக்க வேண்டாம், எடிட் செய்து முதல் வரியை மட்டும் குறைத்தால் போதும்.

"இந்தத் தூளின் ரகசியம் தெரியுமா?" என்று ஆவலைத் தூண்டச் சிலர் சொல்வார்கள். கதை சொல்லும் பக்கத்துக்கு அது சரி. தூள் வாங்க வந்தவருக்கு விலைதான் தேவை.