ரெஜிஸ்டரைக் கூட்டியும் 200 மெகாஹெர்ட்ஸ் வரவில்லை

கேள்வி: மதுரையில் இறுதியாண்டு இசிஇ படிக்கிறேன் சார். பேசிஸ் 3 போர்டில் 18 பிட் பெருக்கி 200 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். விவாடோவில் WNS -1.2 காட்டுகிறது. பெருக்கலுக்குப் பின்னால் நான்கு ரெஜிஸ்டர் போட்டும் அது அசையவில்லை. எத்தனை ஸ்டேஜ் போட வேண்டும்? கோடை இணைத்திருக்கிறேன்.

பதில்: மூன்று போதும் தம்பி.

200 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு கிளாக்குக்கு 5 நானோ விநாடி. அதில் 1.2 பற்றாக்குறை என்றால், உங்கள் பாதை ஏறத்தாழ 6.2 எடுக்கிறது. 6.2-ஐ 5-ஆல் வகுத்தால் 1.24, அதாவது குறைந்தது இரண்டு துண்டு. ஆனால் வெட்டும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆர்டிக்ஸ்-7 சிப்பின் டிஎஸ்பி பிளாக்குக்குள் ரெஜிஸ்டர்கள் ஏற்கெனவே இருக்கின்றன: உள்ளே நுழையும் இடத்தில், பெருக்கி முடித்த இடத்தில், வெளியேறும் இடத்தில். மூன்றையும் பயன்படுத்தினால் 200 தாராளமாக வரும்.

```verilog
always @(posedge clk) begin
  ar <= a;
  br <= b;
  m  <= ar * br;
  p  <= m;
end
```

அப்படியானால் உங்கள் நான்கும் ஏன் உதவவில்லை? உங்கள் கோடின் முதல் வரியிலேயே `posedge clk or posedge rst` என்று இருக்கிறது. டிஎஸ்பிக்குள் இருக்கும் ரெஜிஸ்டருக்கு கிளாக்கோடு சேர்ந்து வரும் ரீசெட் மட்டுமே உண்டு. உங்களுடையதுபோல் கிளாக்குக்குக் காத்திராத ரீசெட் போட்டால் நான்கு ரெஜிஸ்டரும் பிளாக்குக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்ளும். பெருக்கல் முன்போலவே ஒரே மூச்சில் நடக்கும். `report_drc` ஓட்டிப் பாருங்கள். DPIP-1, DPOP-1, DPOP-2 என்று எச்சரிக்கை வந்தால் உள்ளே இருக்கும் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று பொருள்.

இந்த வரி எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. புராஜெக்ட் சென்டர்களில் காசு கொடுத்து வாங்கும் கோடில் இதை வருடா வருடம் பார்க்கிறேன். சிமுலேஷனில் விடை சரியாக வந்துவிடும், ஏனென்றால் அந்த சிமுலேஷனில் தாமதமே கிடையாது. அலைவடிவத்தைப் பார்த்தே மதிப்பெண் போடும் வைவாவில் டைமிங் ரிப்போர்ட்டை யாரும் கேட்பதில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். காசு கொடுப்பதற்கு முன் டைமிங் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், விடை மூன்று கிளாக் தள்ளி வரும். கூடவே போகும் வேலிட் சிக்னலையும் மூன்று கிளாக் தாமதப்படுத்துங்கள்.

ஒரே ஒரு இடத்தில் இது செல்லாது. போன விடையைப் பெருக்கி, புது மாதிரியைக் கூட்டி, அதையே மறுபடி பெருக்கும் ஃபில்டர் இருக்கிறதே, அங்கே ஸ்டேஜ் கூட்டினால் பழைய விடையை வைத்துக் கணக்கு நடக்கும். அது வேறு ஃபில்டராகிவிடும். மாதிரி 1 மைக்ரோ விநாடிக்கு ஒன்று வந்தால் கவலையில்லை: நடுவில் 200 கிளாக் இருக்கிறது, எனேபிள் வைத்துக் காத்திருக்கலாம். கிளாக்குக்கு ஒரு மாதிரி வந்தால் காத்திருக்க இடமில்லை. மூன்று தனித்தனி சேனல்கள் இருந்தால் அவற்றை மாற்றி மாற்றி அனுப்பலாம். ஒரே சேனல்தான் என்றால் கிளாக்கைக் குறையுங்கள்.