லாரி, கேன், ப்யூரிஃபையர்: லிட்டர் கணக்கில் எது லாபம்?

கேள்வி: சென்னைப் புறநகரில் சொந்த வீடு. மெட்ரோ வாட்டர் இணைப்பு இன்னும் வரவில்லை, போரும் வற்றிவிட்டது. மாதம் மூன்று லோடு லாரித் தண்ணீர் வாங்குகிறோம். 12,000 லிட்டர் லோடுக்கு 1,800 ரூபாய். குடிக்க, சமைக்க தினம் ஒரு 20 லிட்டர் கேன், 40 ரூபாய். வீட்டில் ஐந்து பேர். மாடியில் கொழுந்தனார் குடும்பம், நான்கு பேர், அதே சம்ப்தான். லோடு காசை நாங்களே கொடுத்துவிடுகிறோம். என் தம்பி ப்யூரிஃபையர் டீலர். காப்பர், ஆல்கலைன் எல்லாம் உள்ள ஆர்ஓ மாடல் 24,000 ரூபாய், ஏஎம்சி என்ற பராமரிப்பு ஒப்பந்தம் வருடம் 5,000 ரூபாய், 12 மாத இஎம்ஐயில் போட்டுத் தருகிறேன் என்கிறான். லாரித் தண்ணீர், கேன், ப்யூரிஃபையர், எது லிட்டருக்கு மலிவு? கடன் போட்டு வாங்கலாமா?

பதில்: தம்பியிடம் இந்த மாதம் எதுவும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

லாரித் தண்ணீர் லிட்டருக்கு 15 காசு. கேன் 2 ரூபாய். இந்த இரண்டையும் வைத்து ப்யூரிஃபையரை மூன்றாவதாக ஒரே வரிசையில் நிறுத்துவதில்தான் பலரும் தவறுகிறார்கள். ப்யூரிஃபையர் தண்ணீரை உண்டாக்குவதில்லை. உங்கள் வீட்டில் அதற்குள் போகப்போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கும் லாரித் தண்ணீர். வீட்டில் உபயோகிக்கும் சாதாரண ஆர்ஓ, உள்ளே போகும் தண்ணீரில் சுமார் கால் பங்கைத்தான் குடிநீராகத் தருகிறது. மீதி முக்கால் பங்கு உப்பைச் சுமந்துகொண்டு கழிவுக் குழாயில் போய்விடும். 20 லிட்டர் குடிநீர் வேண்டுமென்றால் 80 லிட்டர் உள்ளே போக வேண்டும். உங்களுக்கு அது தினம் 12 ரூபாய், வருடத்துக்கு 4,380 ரூபாய். ஏஎம்சி கட்டணத்துக்கு ஏறக்குறைய சமமான இந்தத் தொகை எந்த விளம்பரத்திலும் வராது. குழாயில் வரி கட்டித் தண்ணீர் பெறுகிறவருக்கு இது பெரிதாகத் தெரியாது, லாரியை நம்பி இருப்பவருக்குத் தெரியும்.

மற்றதையும் சேர்ப்போம். 24,000 ரூபாய் மெஷின் ஏழு வருடம் உழைக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு சுமார் 3,430. ஏஎம்சி 5,000. மின்சாரம் ஒரு 300. தண்ணீர் 4,380. மொத்தம் 13,110 ரூபாய். வருடத்தில் நீங்கள் எடுக்கும் குடிநீர் 7,300 லிட்டர், ஆக லிட்டருக்குக் கிட்டத்தட்ட 1 ரூபாய் 80 காசு. கேனுக்கு இப்போது வருடம் 14,600 ரூபாய் ஆகிறது. 24,000 ரூபாய் கடன் வாங்கி நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவது வருடத்துக்கு 1,500 ரூபாய்.

அந்த 1,500-உம் உறுதியில்லை. லாரித் தண்ணீரில் மண்ணும் வண்டலும் அதிகம். முன்வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், உப்பைப் பிரிக்கும் மெம்பிரேனின் ஆயுளும் குறையும். ஏஎம்சி எடுக்கும் முன் மெம்பிரேன் அதில் அடங்குமா, எந்த டிடிஎஸ் வரை, அதாவது தண்ணீரில் கரைந்த உப்பு எவ்வளவு இருக்கும் வரை அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். வெறும் சர்வீஸ் மட்டும் தரும் ஏஎம்சியும் உண்டு. அதோடு, பிள்ளைகள் விடுதிக்குப் போய் தினம் 10 லிட்டர்தான் வேண்டும் என்றாகிவிட்டால், மெஷினின் தேய்மானமும் ஏஎம்சியும் குறையாது. லிட்டர் விலை 3 ரூபாயைத் தொட்டுவிடும். கேனோ அன்றும் 2 ரூபாய்தான். கேனில் இருக்கிற ஒரே நல்ல குணம் இது. வாங்கினால் செலவு, வாங்காவிட்டால் இல்லை.

கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் கணக்கு கொஞ்சம் மாறும். தினம் 60 லிட்டர், அதாவது 9 ரூபாய்த் தண்ணீர். தரை துடைக்கவும் கழிவறைக்கும் தாராளமாகப் போதும். செடிகளுக்கு ஊற்ற வேண்டாம், உப்பு சேர்ந்துவிடும். முழுவதையும் உபயோகித்தால் லிட்டர் விலை 1 ரூபாய் 35 காசுக்கு வரும். ஆனால் தினமும் நான்கைந்து வாளி தூக்குவதை வீட்டில் யார் செய்வார்கள் என்று பேசி முடித்துவிட்டு இந்த எண்ணை நம்புங்கள். முதல் மாதத்தோடு நின்றுபோவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சரி, ஆர்ஓவே தேவைதானா? யாரும் இதைக் கேட்பதில்லை. ஆர்ஓவின் வேலை முக்கியமாக உப்பைக் குறைப்பது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-ன்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இலேயே சொன்னது, தண்ணீர் இப்படி வீணாகிறதே என்ற கவலையில்தான். சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. ஒரு லோடை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லாரிக்காரர் இன்று ஒரு கிணற்றில் நிரப்புவார், அடுத்த வாரம் வேறு கிணற்றில். கோடையில் கிணறு இறங்க இறங்க உப்பும் ஏறும். நான்கைந்து லோடு வந்து இறங்கியதும் லாரிக் குழாயிலேயே பிடித்துப் பாருங்கள்.

எல்லாம் 500-க்குள் இருந்தால் கிருமியைக் கொல்லும் யுவி விளக்கும் யுஎஃப் என்ற நுண்வடிகட்டியும் உள்ள சாதாரண ப்யூரிஃபையர் போதும். விலை 9,000 என்று வைத்தால் வருடத் தேய்மானம் 1,300, பராமரிப்பு 2,000, மின்சாரம் 100, தண்ணீர் 1,100. கழிவு என்று பெரிதாக எதுவும் இல்லை. வருடம் 4,500 ரூபாய், லிட்டருக்கு 62 காசு. கேனைவிட 10,000 ரூபாய் மிச்சம். இதற்குக் கடன் வேண்டாம், ஏழெட்டு மாதக் கேன் காசில் மெஷின் விலை வந்துவிடுகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். டிடிஎஸ் மீட்டர் உப்பை மட்டும்தான் சொல்லும், கிருமியையோ ரசாயனத்தையோ சொல்லாது. வாங்கும் முன் ஒருமுறை அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பாருங்கள். யுவி விளக்குக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும் என்பதால் முன்வடிகட்டியும் அவசியம்.

டிடிஎஸ் ஆயிரத்துக்கு மேல் என்றால் இப்போதைக்குக் கேனே தொடரட்டும். சீல், தேதி, உரிம எண் மூன்றும் பார்த்து வாங்குங்கள். கீறலும் பாசியும் உள்ள கேனைத் திருப்பி அனுப்புங்கள். ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் இருந்தால் ருசி ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஆய்வக முடிவையும் வைத்து முடிவு செய்யலாம். காப்பரும் ஆல்கலைனும் எந்த நிலையிலும் வேண்டாம். உப்பை எல்லாம் எடுத்துவிட்டுக் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்ப்பதற்கு நீங்கள் ஏன் கூடுதல் பணம் கட்ட வேண்டும்? வட்டியில்லா இஎம்ஐ என்றால் ரொக்கத் தள்ளுபடி போய்விட்டது என்று அர்த்தம், செயல்பாட்டுக் கட்டணமும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் தனியாக வரும். தம்பியிடம் இதே மெஷினின் ரொக்க விலை என்ன என்று கேளுங்கள். நல்ல பிள்ளை என்றால் சொல்லிவிடுவார்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். கேன் செலவு மாதம் 1,200. லாரி செலவு மாதம் 5,400, வருடத்துக்கு 64,800 ரூபாய். நீங்கள் இரண்டு ரூபாயை அறுபது காசாக்க யோசிக்கிறீர்கள், ஆனால் சம்பில் கிட்டத்தட்ட பாதியை மாடி வீடு எடுத்துக்கொள்கிறது, அதற்குக் காசு வாங்குவதில்லை. ஒன்பது பேரில் நான்கு பேர் மேலே. அவர்கள் பங்கு மாதம் 2,400, வருடம் 28,800 ரூபாய். மிகச் சிறந்த ப்யூரிஃபையர் மிச்சப்படுத்துவதைப் போல மூன்று மடங்கு. இந்தப் பணம் ஒவ்வொரு வருடமும் போகிறது, வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

அவர்கள் வீணடிக்கிறார்கள் என்று சண்டை போடவும் இடமில்லை. மாதம் 36,000 லிட்டரை ஒன்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு தினம் 133 லிட்டர். நகரக் குடிநீர்த் திட்டங்களில் தலைக்கு 135 லிட்டர் என்றுதான் கணக்கிடுகிறார்கள். ஆகவே சிக்கனம் பற்றிய பேச்சு வேண்டாம், பங்கு பற்றி மட்டும் பேசுங்கள். அதையும் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் தன் தம்பியிடம் பேசட்டும். அண்ணி கணக்குப் பார்க்கிறார் என்று பெயர் வராமலிருக்கும். மாதக் கடைசியில் பணம் கேட்கிற ஏற்பாடு நிலைக்காது. லோடை மாற்றி மாற்றி எடுப்பது நிலைக்கும்: இந்த லோடு கீழ்வீடு போன் செய்து கொடுக்கும், அடுத்தது மாடி வீடு. ஒற்றைப்படை மாதத்தில் இரண்டு உங்களுக்கு, இரட்டைப்படை மாதத்தில் இரண்டு அவர்களுக்கு. உங்களுக்கு ஓர் ஆள் அதிகம் என்று அவர்கள் சொன்னால், மாடிக்குப் போகும் குழாயில் தண்ணீர் மீட்டர் ஒன்று போட்டுக்கொள்ளலாம். இதுவரை கொடுத்ததைத் திரும்பக் கேட்காதீர்கள், அது வராது, உறவுதான் கெடும்.

மாடி வீடும் காசு கொடுக்க ஆரம்பித்தால் இன்னொரு நன்மை உண்டு. லோடை அளக்க இரண்டு வீடாகிவிடும். சம்பின் நீள அகலத்தை அடியில் பெருக்கி, அதை 28.3-ஆல் பெருக்கினால் ஓர் அடி உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 10-க்கு 8 அடி சம்ப் என்றால் அடிக்கு சுமார் 2,264 லிட்டர். 12,000 லிட்டர் முழுதாக இறங்கினால் மட்டம் 5 அடி 3½ அங்குலம் ஏற வேண்டும். லாரி ஊற்றும்போது மோட்டாரை நிறுத்திவிட்டு, முன்னும் பின்னும் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். 4 அடி 8 அங்குலம்தான் ஏறியது என்றால் வந்தது 10,500 லிட்டருக்குச் சற்று மேல், உங்கள் 15 காசு 17 காசாகிவிட்டது. இரண்டு மூன்று லோடு இப்படி அளந்து, எண்களை வைத்துக்கொண்டு லாரிக்காரரிடம் விலையையோ அளவையோ பேசுங்கள். அடுத்த லோடை அளக்கும்போதே கொழுந்தனாரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.