420 இலட்சம் சொத்தும் ஏப்ரல் மாதக் கடனும்

வணக்கம் அண்ணா,

என் மாமா சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலை நடத்துகிறார். 20 இலட்சம் போட்டுக் கூட்டாளியாகச் சேரச் சொல்கிறார். மார்ச் 31 ஐந்தொகையையும், கடைக்காரர் தரவேண்டிய பாக்கிப் பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன். மொத்தச் சொத்து 420 இலட்சம். மாதம் 30 இலட்சத்துக்கு அரிசி விற்கிறாராம். ஆனால் ஏப்ரல் முடிவதற்குள் தருவதாகச் சொல்லி வாங்கிய பெரும்போக நெல்லுக்கு, புத்தாண்டு வருகிறதே என்று வயல்காரர் இப்போதே வந்து நிற்கிறார்கள். இவ்வளவு சொத்து இருந்தும் ஏன் இப்படி?

வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கச்சிக்கு,

420 இலட்சத்தில் 300 இலட்சம் காணி, கட்டடம், இயந்திரம், லொறி. அவற்றை விற்றால் ஆலையே இல்லை. ஆகவே வயல்காரருக்குக் கொடுக்க முடியுமா என்று பார்க்கும்போது அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். மிச்சமுள்ள 120 இலட்சம்தான் நடைமுறைச் சொத்து, அதாவது ஒரு வருடத்துக்குள் காசாக வேண்டியவை: நெல், அரிசி இருப்பு 70, கடைக்காரர் பாக்கி 45, முற்பணமாகக் கட்டியது 3, வங்கியிலும் கையிலும் 2.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வருடத்துக்குள் கொடுக்கவேண்டியது 85 இலட்சம் என்று போட்டிருக்கிறார்கள். நெல்லுக்கு 60, வங்கி மேலதிகப்பற்று 25. ஆனால் 165 இலட்ச வங்கிக்கடன் முழுவதும் நீண்டகாலக் கடனாகக் கிடக்கிறது. உங்கள் மாமா மாதம் ஒன்றேகால் இலட்சம் முதல்தொகை கட்டுவதாகக் கீழே குறிப்பில் இருக்கிறதே, அப்படியென்றால் வருடத்துக்கு 15 இலட்சம். அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டவேண்டிய பங்கைப் பிரித்து நடைமுறைப் பொறுப்பில் காட்டவேண்டும் என்பதுதான் கணக்கீட்டு விதி. சிறிய வியாபாரங்களின் கணக்கில் இது அடிக்கடி விடுபடும். அதைச் சேர்த்தால் 85 அல்ல, 100.

நடைமுறைச் சொத்தை நடைமுறைப் பொறுப்பால் வகுத்தால் 1.2 வருகிறது. ஒரு ரூபாய் கடனுக்கு ஒரு ரூபாய் இருபது சதம் இருக்கிறது. இருப்பையும் முற்பணத்தையும் கழித்துவிட்டு வகுத்தால் 0.47தான். இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருந்தால், எல்லாமே இருப்பின் தரத்தில் தங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த இருப்பை நேரில் போய்ப் பாருங்கள். அறுவடை முடிந்த கையோடு வந்த நெல்லை ஈரத்தோடு நிறுத்துப் புத்தகத்தில் ஏற்றிவிடுவார்கள். 18 வீத ஈரமுள்ள 1,000 கிலோவை 14 வீதத்துக்குக் காயவைத்தால் ஏறத்தாழ 953 கிலோதான் மிஞ்சும். காயவைத்த நிறைக்கா, ஈர நிறைக்கா விலை போட்டார்கள் என்று கேளுங்கள். வாங்கிய விலையைவிட இப்போது விற்கக்கூடிய விலை குறைவென்றால், குறைந்த விலையில்தான் இருப்பைக் காட்டவேண்டும்.

பாக்கிப் பட்டியலும் எனக்குக் கவலை தருகிறது. 45 இலட்சத்தில் 20 இலட்சம் ஒரே கடையுடையது, ஒரு வருடத்துக்கு மேல் பழையது. ஐயக்கடன் என்று ஒரு சதம்கூட ஒதுக்கவில்லை. அந்தக் காசை நான் கணக்கில் எடுக்கமாட்டேன். அதை விட்டால் 1.2 என்ற விகிதம் சரியாக 1 ஆகிவிடுகிறது.

விகிதம் ஒரு வருடத்தைப் பற்றிப் பேசுகிறது. வயல்காரருக்கோ ஏப்ரலில் வேண்டும். அதனால் அந்த ஒரு மாதத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். கையில் 2, அரிசி விற்று 30, நல்ல பாக்கி 25இல் 15 வந்தால் மொத்தம் 47 இலட்சம். கூலி, மின்சாரம், டீசலுக்கு 6 போனால் 41. கொடுக்கவேண்டியது நெல்லுக்கு 60, தவணை ஒன்றேகால். 20 இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல் குறைகிறது. அதுவும் அரிசி முழுவதும் கைக்காசுக்கு விற்றால்தான். கடனுக்குக் கொடுத்தால் இடைவெளி இன்னும் பெரிது. வங்கி மேலதிகப்பற்றின் எல்லையில் மிச்சம் இருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம், அந்த எல்லை எவ்வளவு என்பது ஐந்தொகையில் இருக்காது. வங்கிக் கடிதத்தைக் கேளுங்கள்.

ஆலை மூழ்கவில்லை. மே மாத விற்பனையில் பெரும்பகுதி சரியாகிவிடும். ஆனால் உங்கள் 20 இலட்சம் புது இயந்திரத்துக்கோ வியாபாரத்தைப் பெருக்கவோ போகாது, வயல்காரர் கைக்குத்தான் போகும். அவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. மாமாவுக்கு உதவ நினைத்தால் திருப்பித் தரும் திகதி போட்டு, எழுத்தில் கடனாகக் கொடுங்கள். கூட்டாளியாகச் சேர்ந்தால், சேர்ந்த பிறகு ஆலை வாங்கும் கடன்களுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். அந்தப் பேச்சைச் சிறுபோக நெல்லுக்கும் காசு கொடுத்து முடித்தபின், செப்டெம்பர் கடைசிக்கு ஒரு ஐந்தொகை எடுக்கச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.